ஒரே பால், ஒரே புளிப்பு, இரண்டு விதத் தயிர்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே பால். ஒரே உறை. ஒரே வெப்பநிலை. கடைசியில் அளந்து பார்த்தால் இரண்டு பாத்திரத்திலும் புளிப்பும் ஒன்றேதான். ஆனால் ஒன்றில் கரண்டி வைத்தால் வெட்டிய இடம் அப்படியே நிற்கிறது. மற்றதில் வெட்டிய பள்ளம் சரிந்து, சில நிமிடங்களில் தெளிநீர் ஊறி நிரம்பிவிடுகிறது.

இந்த வேறுபாட்டைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன். பால் ஏன் தயிராகிறது என்ற கேள்விக்கு, "லாக்டிக் அமிலம் பால் புரதத்தின் இயல்பைத் திரித்துவிடுகிறது, அதனால் உறைகிறது" என்று ஒரே வரியில் பதில் சொல்வது வழக்கம். பள்ளிப் பாடங்களில்கூட, புரதம் இயல்பிழப்பதற்கு எடுத்துக்காட்டாகத் தயிரைச் சொல்கிறார்கள். அந்த வரியில் இரண்டு தனித்தனி நிகழ்ச்சிகள் குழம்பிக் கிடக்கின்றன. வெப்பம் ஒரு புரதத்துக்குச் செய்வது ஒன்று, அமிலம் இன்னொரு புரதத்துக்குச் செய்வது வேறொன்று. இந்த இரண்டு பாத்திரங்களும் அவற்றைப் பிரித்துக் காட்டிவிடுகின்றன.

செய்த விதம்

எடுத்தது ஒரு லிட்டர் பசும்பால், ஏற்கெனவே பாஸ்டர் முறையில் சூடாக்கப்பட்டது. அதாவது 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி மட்டும் இருந்த பால். அதை இரண்டு அரை லிட்டராகப் பிரித்தாயிற்று.

முதல் பாத்திரத்துப் பாலை மூடியபடி 90 டிகிரிக்குக் கொண்டுபோய், 10 நிமிடம் அங்கேயே வைத்து, பிறகு 42 டிகிரிக்கு ஆறவிட்டேன். ஆவியாகிப் போன நீரைத் தராசில் எடை பார்த்து, கொதித்து ஆறிய நீரால் ஈடுசெய்தேன். இது சின்ன வேலைதான், ஆனால் விட்டுவிடக் கூடாது. நீர் வற்றிய பாலில் புரதம் அடர்ந்திருக்கும். அப்புறம் தயிர் கெட்டியானதற்குக் காரணம் வெப்பமா, அடர்த்தியா என்று சொல்லவே முடியாது. இரண்டாம் பாத்திரத்துப் பால் நேராக 42 டிகிரிக்கு மட்டும் சூடேறியது, அதற்கு மேல் போகவில்லை.

இரண்டிலும் 10 மில்லி உறை சேர்த்தேன். உறையில் இருந்தவை தயிருக்கு வழக்கமாகப் பயன்படும் இரண்டு பாக்டீரியாக்கள்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிக்கஸ். இரண்டும் ஒன்றுக்கொன்று உதவுபவை. பல்கேரிக்கஸ் பால் புரதத்தைக் கொஞ்சம் நறுக்கிச் சிறு துண்டுகளாகத் தருகிறது, தெர்மோஃபிலஸ் அதை உண்டு பெருகுகிறது. பதிலுக்குத் தெர்மோஃபிலஸ் வெளியிடும் ஃபார்மிக் அமிலமும் கரியமில வாயுவும் பல்கேரிக்கஸின் வளர்ச்சியைத் தூண்டுகின்றன. 42 டிகிரி இருவருக்கும் ஒத்துப்போகிற வெப்பநிலை.

பாத்திரங்கள் அசையாமல் 42 டிகிரி நீர்த் தொட்டியில் இருந்தன. அளப்பதற்கென்று அதே பாலைச் சிறு குப்பிகளில் தனியாக வைத்திருந்தேன், ஏனென்றால் உறைந்துகொண்டிருக்கும் பாலுக்குள் அளக்கும் கருவியை விட்டு எடுத்தால் அந்த இடமே உடைந்துவிடும். அரை மணிக்கு ஒரு குப்பியை எடுத்து பிஎச் அளந்தேன்.

என்ன நடந்தது

தொடக்கத்தில் பாலின் பிஎச் 6.6. முதல் ஒரு மணி நேரம் பெரிதாக ஒன்றும் நகரவில்லை. பாக்டீரியா புது இடத்துக்குப் பழகி, எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்ளும் நேரம் அது. அதன் பிறகு இறக்கம் தொடங்கியது. இரண்டரை மணி வாக்கில் பிஎச் 5.7 அருகே. இரண்டு பாத்திரமும் இதுவரை ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வந்தன, இரண்டுமே இன்னும் வெறும் பால்தான். குப்பியைச் சாய்த்தால் தண்ணீராக ஓடியது.

மூன்று மணியை ஒட்டி, பிஎச் 5.3 என்று காட்டியபோது, முதல் பாத்திரத்தின் குப்பி சாய்த்தால் ஓடவில்லை. மேற்பரப்பு மெதுவாக நடுங்கியது, அவ்வளவுதான். அதே பிஎச்சில் இரண்டாம் பாத்திரத்தின் குப்பி இன்னும் பாலாகவே ஓடியது. அது உறைந்தது பிஎச் 4.9-க்கு வந்த பிறகு, முக்கால் மணி நேரம் தள்ளி. ஐந்து மணி நேரத்தை நெருங்கும்போது இரண்டுமே 4.6-ஐத் தொட்டன. குளிர வைத்து நிறுத்திவிட்டேன்.

மறுநாள் முதல் பாத்திரம் கட்டித் தயிர். இரண்டாம் பாத்திரம் தயிர்தான், ஆனால் தளர்ந்த தயிர். இரண்டிலும் சம அளவு எடுத்து மெல்லிய துணியில் வடியவிட்டால், இரண்டாவதிலிருந்து வடிந்த தெளிநீர் முதலாவதைவிட மிக அதிகம். நாக்குக்குப் புளிப்பு ஒன்றுதான்.

ஆக, விளக்க வேண்டியவை இரண்டு. சூடேறாத பாலும் ஏன் உறைந்தது? சூடேறிய பால் ஏன் முன்கூட்டியே, இன்னும் உறுதியாக உறைந்தது?

பாலுக்குள் மிதப்பவை

பசும்பாலில் புரதம் சுமார் 3.3 விழுக்காடு. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். மீதி ஒரு பங்கு, தெளிநீரோடு போகிற புரதங்கள். அவற்றில் அதிகம் இருப்பது பீட்டா லாக்டோகுளோபுலின். இந்தக் கதையின் நாயகர்கள் இவை இரண்டும்தான்: கேசீன், பீட்டா லாக்டோகுளோபுலின்.

கேசீன் பாலில் தனித்தனி மூலக்கூறாகக் கரைந்திருப்பதில்லை. ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள் சேர்ந்து உருண்டைகளாக மிதக்கின்றன. ஓர் உருண்டையின் குறுக்களவு சராசரியாக 150 முதல் 200 நானோமீட்டர். பால் வெள்ளையாகத் தெரிவதற்குக் கொழுப்புத் துளிகளோடு இந்த உருண்டைகளும் ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம். கொழுப்பு நீக்கிய பாலும் வெள்ளையாகவே இருப்பது இதனால்தான்.

உருண்டைக்குள்ளே கால்சியம் பாஸ்பேட் மிகச் சிறு துணுக்குகளாகப் பரவிக் கிடக்கிறது. கேசீனில் சில இடங்களில் பாஸ்பேட் கூறு ஒட்டியிருக்கும். அந்த இடங்கள் இந்தத் துணுக்குகளைப் பிடித்துக்கொள்கின்றன. இப்படித்தான் பல மூலக்கூறுகள் ஒன்றாகக் கட்டுண்டு நிற்கின்றன. பாலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த உருண்டைகளுக்குள்தான் இருக்கிறது.

உருண்டையின் மேற்பரப்பில் கப்பா கேசீன் என்ற வகை நிற்கிறது. அதன் ஒரு முனை உருண்டையோடு ஒட்டியிருக்க, மறுமுனை நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், தூரிகையின் மயிர்களைப் போல. அந்த முனையில் எதிர்மின் சுமை அதிகம், நீரோடு உறவும் அதிகம். இரண்டு உருண்டைகள் நெருங்கினால் இந்த மயிர்ப் படலங்கள் ஒன்றையொன்று உள்ளே விடுவதில்லை. உருண்டைகள் மோதும், விலகும். பால் பாலாகவே இருப்பது இந்தத் தள்ளுதலால்தான்.

கேசீனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலான புரதங்கள் குறிப்பிட்ட வடிவில் இறுக மடிந்திருக்கும். வெப்பமோ அமிலமோ பட்டால் அந்த மடிப்பு கலையும். அதைத்தான் இயல்பிழத்தல் என்கிறோம். கேசீனுக்கு அப்படி இறுகிய மடிப்பு கிடையாது, அது தொடக்கத்திலிருந்தே தளர்ந்த சங்கிலி. கலைவதற்கு அங்கே மடிப்பு இல்லை. அதனால்தான் பாலைக் கொதிக்க வைத்தாலும் கேசீன் திரிவதில்லை. அப்படிப்பட்ட புரதம் அமிலத்தில் இயல்பிழந்து உறைகிறது என்று சொல்வது பொருந்தாது. அது உறைவதற்குக் காரணம் வேறு.

லாக்டிக் அமிலம் செய்யும் வேலை

1780-இல் வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே புளித்த பாலிலிருந்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதை உண்டாக்குவது நுண்ணுயிர்கள்தான் என்று 1857-இல் லூயி பாஸ்டர் எழுதினார். பாக்டீரியா பாலின் சர்க்கரையான லாக்டோஸை உள்ளே எடுத்து, குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் பிரித்து, ஆற்றலுக்காக உடைக்கிறது. முழுவதும் உடைந்தால் கணக்கு இப்படி:

C₁₂H₂₂O₁₁ + H₂O → 4 C₃H₆O₃

ஆனால் தயிர் உறையில் உள்ள பாக்டீரியா பெரும்பாலும் குளுக்கோஸ் பாதியை மட்டும் உண்டு, காலக்டோஸை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் ஒரு லாக்டோஸுக்கு நான்கு அல்ல, இரண்டு லாக்டிக் அமிலம்தான் கிடைக்கிறது. நம் அரை லிட்டர் பாலில் லாக்டோஸ் சுமார் 24 கிராம். பிஎச் 4.6-க்கு வர ஏறக்குறைய மூன்றரை கிராம் லாக்டிக் அமிலம் தேவை. அதற்குச் செலவாகும் லாக்டோஸ் 6, 7 கிராம்தான். புளித்த தயிரிலும் சர்க்கரை நிறையவே மிச்சம் இருக்கிறது. பாக்டீரியா வேகம் குறைவது உணவு தீர்ந்ததால் அல்ல, தான் உண்டாக்கிய அமிலம் தன்னையே தாக்கத் தொடங்குவதால்.

இந்த மூன்றரை கிராம் என்ற எண்ணிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரியும். அதே அளவு லாக்டிக் அமிலத்தை அரை லிட்டர் தூய நீரில் கரைத்தால் பிஎச் சுமார் 2.5-க்குப் போய்விடும். பாலில் 4.6-இல் நிற்கிறது. அப்படியானால் அமிலம் கொடுத்த ஹைட்ரஜன் அயனிகளில் மிகப் பெரும்பகுதி எங்கோ பிடிபட்டிருக்க வேண்டும். எங்கே? ஒரு பங்கு பாலின் பாஸ்பேட்டிலும் சிட்ரேட்டிலும். இன்னொரு பெரும் பங்கு கேசீன் மேலேயே. கேசீனின் எதிர்மின் சுமையுள்ள இடங்கள் ஒவ்வொன்றாக ஹைட்ரஜன் அயனியை ஏற்றுக்கொண்டு சுமை இழக்கின்றன. பிஎச் மானியில் நாம் பார்ப்பது பிடிபடாமல் மிஞ்சிய அயனிகளை மட்டுமே. தயிரை உண்டாக்குபவை பிடிபட்டவை.

இந்த ஏற்பு மூன்று கட்டமாக விளைவு காட்டுகிறது. பிஎச் 6.6-இலிருந்து 6 வரை, சுமை கொஞ்சம் குறைகிறது, உருண்டைகளுக்குப் பெரிய மாற்றமில்லை. 6-இலிருந்து 5 வரை, வெளியே தெரியாமல் நிறைய நடக்கிறது. மேற்பரப்பு மயிர்ப் படலம் சுமை இழந்து சுருங்கிப் படுக்கத் தொடங்குகிறது. உள்ளே கால்சியம் பாஸ்பேட் துணுக்குகள் கரைந்து நீருக்குள் வந்துவிடுகின்றன. பாஸ்பேட் ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்கொள்வதால் கால்சியத்தோடு அதன் பிடி விடுகிறது. பிஎச் 5-ஐ எட்டும்போது ஏறக்குறைய எல்லாத் துணுக்கும் கரைந்துவிடும். பிஎச் இறங்கும் வேகம் இந்தப் பகுதியில் சற்று மந்தமாவதை அளவீட்டில் காணலாம், கரையும் பாஸ்பேட் அமிலத்தை விழுங்குவதுதான் காரணம்.

5-க்குக் கீழே மூன்றாம் கட்டம். கேசீனின் எதிர்மின் சுமையும் நேர்மின் சுமையும் சமமாகும் புள்ளி பிஎச் 4.6. அதை நெருங்க நெருங்கத் தள்ளும் விசை இல்லாமல் போகிறது. தள்ளுதல் போனால் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்கலாம். ஒட்ட வைப்பது வேறொரு விசை. கேசீன் சங்கிலியில் நீரை விரும்பாத பகுதிகள் நிறைய உண்டு. அவை நீரிலிருந்து விலகி ஒன்றோடொன்று சேர எப்போதும் முனைந்தபடிதான் இருக்கின்றன. இதுவரை சுமையும் மயிர்ப் படலமும் அதைத் தடுத்துக்கொண்டிருந்தன. தடை நீங்கியதும் உருண்டைகள் மோதிய இடத்திலேயே ஒட்டுகின்றன. ஒட்டியவை சரங்களாகி, சரங்கள் வலையாகி, வலையின் கண்களில் நீரும் கொழுப்பும் சிக்கி நிற்கின்றன. அதுதான் இரண்டாம் பாத்திரத்தில் பிஎச் 4.9-இல் நடந்தது. வெப்பத்தால் எந்தப் புரதமும் பெரிதாகக் கலையாத பால் அது. ஆனாலும் உறைந்தது. முதல் கேள்விக்குப் பதில் இதுவே: கேசீன் உறைவதற்கு இயல்பிழத்தல் தேவையில்லை, சுமை போனால் போதும்.

இதை உறுதி செய்ய ஒரு எளிய வழி உண்டு. அமிலத்தில் திரண்ட கேசீனை எடுத்து, காரம் சேர்த்து பிஎச்சை 7 அருகே கொண்டுவந்தால் அது மறுபடி கரைந்துவிடும். உணவுத் தொழிலில் சோடியம் கேசினேட் இப்படித்தான் தயாராகிறது. முன்பிருந்த உருண்டை அமைப்பு திரும்புவதில்லை, ஏனென்றால் கால்சியம் பாஸ்பேட் போய்விட்டது. ஆனால் புரதம் சுமையைத் திரும்பப் பெற்றதும் கரைகிறது.

இன்னொரு சான்று குளிர். பாலை 2 முதல் 4 டிகிரிக்குக் குளிர்வித்து, அந்தக் குளிரிலேயே நீர்த்த அமிலத்தை மெதுவாகக் கலந்து 4.6-க்குக் கொண்டுவந்தால், அது உறையாமல் பாலாகவே நிற்கும். அசைக்காமல் சூடேற்றினால் அப்போது உறையும். நீரை விரும்பாத பகுதிகளுக்கு இடையிலான ஈர்ப்பு குளிரில் பலம் குன்றுவதே காரணம். அமிலம் தடையை மட்டும்தான் எடுக்கிறது, சேர்த்துப் பிடிப்பது அமிலம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியவில்லை.

சூடு சேர்த்தது என்ன

இப்போது முதல் பாத்திரம். 90 டிகிரியில் 10 நிமிடம் இருந்தபோது கேசீன் அசையவில்லை. மாறியது பீட்டா லாக்டோகுளோபுலின். இது கேசீனைப் போலத் தளர்ந்த சங்கிலி அல்ல, இறுக மடிந்த புரதம். 70 டிகிரிக்கு மேல் அதன் மடிப்பு கலையத் தொடங்கும். அதற்குள்ளே மறைந்திருந்த ஒரு கந்தகக் கூறு வெளியே வருகிறது. அந்தக் கூறு மற்றொரு கந்தக இணைப்பைத் தாக்கி, அதோடு புது இணைப்பை உண்டாக்கும் இயல்புடையது. பாலில் அதற்குக் கிடைக்கும் துணைகளில் ஒன்று கேசீன் உருண்டையின் மேற்பரப்பில் நிற்கும் கப்பா கேசீன். அதுவும் கந்தகம் கொண்டதே. ஆக, கலைந்த பீட்டா லாக்டோகுளோபுலின் உருண்டைகளின் மேல் போர்வையாகப் படிகிறது. ஒரு பகுதி கப்பா கேசீனோடு சேர்ந்து சிறு திரள்களாக நீரிலும் மிதக்கிறது. இங்கே நடப்பதுதான் உண்மையான இயல்பிழத்தல். காரமோ குளிரோ இதைத் திரும்பப் பழையபடி ஆக்காது.

பாஸ்டர் முறையின் 72 டிகிரி, 15 விநாடி என்பது இதற்குப் போதாது. அதில் இந்தப் புரதத்தின் மிகச் சிறு பங்குதான் கலைகிறது. ஆகவே இரண்டாம் பாத்திரத்தில் போர்வை இல்லாத உருண்டைகள், முதல் பாத்திரத்தில் போர்வை போட்ட உருண்டைகள்.

பீட்டா லாக்டோகுளோபுலினின் சுமை சமமாகும் புள்ளி பிஎச் 5.2-ஐ ஒட்டி இருக்கிறது, கேசீனின் 4.6-ஐவிட மேலே. அதனால் போர்வை போட்ட உருண்டை, உள்ளே கேசீனுக்கு இன்னும் சுமை மிச்சம் இருக்கும்போதே, மேலே ஒட்டும் தன்மை பெற்றுவிடுகிறது. முதல் பாத்திரம் 5.3-இலேயே உறைந்ததற்கு இதுவே காரணம். அப்புறம் உறுதி. இரண்டாம் பாத்திரத்தில் வலையைக் கட்டுவது கேசீன் மட்டும். முதல் பாத்திரத்தில், சாதாரணமாகத் தெளிநீரோடு போயிருக்க வேண்டிய புரதமும் வலையில் சேர்ந்து, உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே பாலமாகிறது. சரங்கள் அதிகம், இணைப்புகள் அதிகம், கண்கள் சிறியவை. அதனால் நீரைப் பிடித்து வைக்கிறது.

முதல் பாத்திரத்தில் ஒரு நுட்பமான ஆபத்தும் இருக்கிறது. 5.3-இல் உறைந்தபோது கால்சியம் பாஸ்பேட் இன்னும் முழுதாகக் கரைந்திருக்கவில்லை. வலை உண்டான பிறகு, வலைக்குள்ளேயே அது கரைகிறது. அந்த நேரத்தில் சரங்கள் உள்ளுக்குள் தளர்ந்து, இடம் மாறி உட்கார்கின்றன. பிஎச் 5 வாக்கில் அந்தத் தளர்ச்சி தீர்ந்து, 4.6-ஐ நோக்கிப் போகப் போக மீண்டும் இறுகுகிறது. "உறைந்துவிட்டது" என்று பார்த்த உடனே பாத்திரத்தைத் தூக்கி அசைத்தால் தயிர் பிளந்து நீர் விடுவது இந்த இடைவெளியில்தான். மேற்பரப்பு ஓடாமல் நின்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம் இல்லை.

அமிலம் வந்த வேகம்

லாக்டிக் அமிலத்துக்கென்று தனி மந்திரம் உண்டா என்று பார்க்க, முதல் பாத்திரத்தைப் போலவே சூடாக்கிய பாலில் பாக்டீரியா இல்லாமல் நீர்த்த லாக்டிக் அமிலத்தை நேராக ஊற்றிப் பார்க்கலாம். பால் 42 டிகிரியில் இருக்கட்டும், முடிவில் பிஎச் அதே 4.6 ஆகட்டும். கிடைப்பது தயிர் அல்ல, தெளிந்த நீரில் மிதக்கும் வெள்ளைத் துகள்கள். பால் திரிந்துவிட்டது என்று சொல்வோமே, அதுதான்.

அமிலம் ஒன்று, அளவு ஒன்று, புரதமும் ஒன்று. மாறியது வேகமும் பரவலும்தான். ஊற்றும்போது துளி விழுந்த இடத்தில் பிஎச் சட்டென்று தாழ்ந்து, அங்கிருக்கும் உருண்டைகள் ஒன்றின்மேல் ஒன்று அள்ளி ஒட்டிக் கட்டியாகின்றன. கலக்கும்போது அந்தக் கட்டிகள் இன்னும் இறுகுகின்றன. பாக்டீரியா உண்டாக்கும் அமிலமோ பாலின் எல்லா மூலையிலும் ஒரே நேரத்தில், மணிக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. எந்த உருண்டைக்கும் பக்கத்து உருண்டையைவிட முன்னதாகச் சுமை போவதில்லை. எல்லாம் சேர்ந்து, அசையாமல், இருந்த இடத்திலேயே கைகோக்கின்றன. பாத்திரம் முழுவதும் ஒரே வலை உண்டாவது அதனால்தான்.

லாக்டிக் அமிலத்தின் வேதி அமைப்பு இதில் முக்கியமில்லை என்று காட்ட மற்றொரு வழி குளுக்கோனோ டெல்டா லாக்டோன் என்ற பொருள். நீரில் போட்டால் அது மெதுவாகச் சிதைந்து குளுக்கோனிக் அமிலமாகிறது. பாலில் கலந்து அசையாமல் வைத்தால், லாக்டிக் அமிலம் ஒரு துளிகூட இல்லாமல், தயிர் போன்ற கட்டி உறைகிறது. பால் உறைதலை ஆராய்பவர்கள் பாக்டீரியாவின் ஏற்ற இறக்கத் தொல்லை இல்லாமல் வேலை செய்ய இதைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். மணமும் சுவையும் தயிராக இருக்காது, அது பாக்டீரியாவின் பங்கு. கட்டி மட்டும் தயிரின் கட்டிதான்.

பிசகும் இடங்களும் அடையாளங்களும்

இரண்டு மணி நேரம் கழித்தும் பிஎச் 6.4-இலேயே நின்றால் புரதத்தின் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அமிலமே வரவில்லை. பால் 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போதே உறை ஊற்றிவிட்டால் பாக்டீரியாவில் பெரும்பகுதி செத்துப்போகும். மாட்டுக்குக் கொடுத்த மருந்தின் எச்சம் பாலில் இருந்தாலும் இப்படியே நடக்கும், தெர்மோஃபிலஸ் பென்சிலினுக்கு மிக எளிதில் மடிகிற பாக்டீரியா. வைரஸ் தாக்கிய உறையில் வேறு விதமாகத் தெரியும்: முதலில் இறக்கம் சரியாகத் தொடங்கி, நடுவே திடீரென்று நின்றுவிடும்.

தயிர் உறைந்திருக்கிறது, புளிப்பும் சரி, ஆனால் மேலே நீர் நிற்கிறது என்றால் வலையைப் பற்றி யோசிக்க வேண்டும். பால் போதிய சூடு பெற்றதா, உறைகையில் அசைந்ததா, வெப்பநிலை 45 டிகிரிக்கு மேல் போனதா என்று இந்த வரிசையில் பார்ப்பது நல்லது. உறையும்போது சூடு அதிகமானால் அமிலமும் வேகமாக வரும், வலையின் சரங்களும் அதிகமாக இடம் மாறிச் சுருங்கும். இரண்டும் சேர்ந்து நீரை வெளியே தள்ளும். உறை ஊற்றுவதற்கு முன் பாலை இன்னும் அதிகமாகக் காய்ச்சினால் இன்னும் நல்ல தயிர் கிடைக்கும் என்றும் இல்லை. 90 டிகிரியில் 5 முதல் 10 நிமிடத்துக்குள் பீட்டா லாக்டோகுளோபுலினில் பெரும்பங்கு கலைந்துவிடுகிறது. அதற்கு மேல் காய்ச்சுவதால் கூடும் கட்டித்தன்மை நீர் வற்றியதால் வருவது.

தயிரில் குமிழியும் ஓட்டையும் தெரிந்து, மணமும் மாறியிருந்தால் வாயு உண்டாக்கும் வேறு கிருமி உள்ளே புகுந்திருக்கிறது. மேலே சொன்ன இரண்டு உறை பாக்டீரியாக்களும் தயிரைக் கிழிக்கும் அளவுக்கு வாயு விடுவதில்லை. கோலிஃபார்ம் கிருமிகளோ ஈஸ்ட்டோ காரணமாக இருக்கலாம். அந்தப் பாத்திரத்தை உண்ணவும் கூடாது, அடுத்த உறைக்கு எடுக்கவும் கூடாது.

கடைசியாக, எளிதில் ஏமாற்றக்கூடிய ஒன்று. பால் கட்டியாகியிருக்கிறது, ஆனால் புளிப்பே இல்லை, பிஎச் அளந்தால் 6.5. மேலே சொன்ன எந்தக் காரணமும் இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் கேசீனின் சுமை போகவே இல்லை. இங்கே வேலை செய்தது நொதி. பேசில்லஸ் வகைக் கிருமிகள் சிலவற்றின் வித்துகள் கொதியிலும் பிழைக்கும். பால் வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, புரதத்தை வெட்டும் நொதியை வெளியிடும். அந்த நொதி கப்பா கேசீனின் நீட்டிய முனையை அறுத்துவிடுகிறது. பாலாடைக்கட்டி செய்ய ரென்னெட் என்ற நொதியைச் சேர்க்கும்போது நடப்பதும் ஏறத்தாழ இதே வெட்டுதான். சுமை இழந்து மயிர் படுப்பதற்குப் பதிலாக, மயிரே போய்விட்டது. தள்ளுதல் நின்றதும் உருண்டைகள் கால்சியத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. பார்க்கத் தயிர் போலவே இருக்கும், நேரம் போகப் போகக் கசக்கும். கூடக் கொஞ்ச நேரம் வைத்தால் புளித்துச் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். அந்தக் கிருமிகளில் பேசில்லஸ் செரியஸ் நஞ்சும் உண்டாக்கக்கூடியது. புளிக்காமல் உறைந்த பாலைக் கொட்டிவிட்டு, பாத்திரத்தையும் கொதிநீரில் கழுவி, புது உறையோடு தொடங்க வேண்டியதுதான்.